1.6 எப்படி 2.4-ஐ ஜெயிச்சது? – ஒரு ஸ்டிக்கரின் வரலாறு

லேப்டாப்பைத் திறந்தா, கை வைக்கிற இடத்துல கலர் கலரா நாலஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வாங்கின அன்னைக்கே நகத்தால சுரண்டி எடுக்குற ஆளுங்க ஒரு கட்சி. அஞ்சு வருஷம் ஆகி ஓரம் கருத்துப்போனாலும் தொடாத ஆளுங்க இன்னொரு கட்சி. நான் மூணாவது கட்சி. எடுத்து ஒரு நோட்டுல ஒட்டி வைப்பேன் :-) கூடவே பழைய விளம்பரத் தாள், விலைப்பட்டியல் எல்லாம் சேர்க்கிற பழக்கமும் உண்டு. வீட்டுல இதுக்குப் பேரு குப்பை.

இந்தக் குப்பையை வரிசையா அடுக்கிப் பார்த்தா ஒரு வரலாறு தெரியுது. இயந்திரத்தைப் பத்தின எண்களை வாங்குறவங்களுக்குப் புரியுற வாக்கியமா மாத்த, கம்ப்யூட்டர் கம்பெனிகள் சுமார் 20 வருஷமா பட்ட பாடுதான் அந்த வரலாறு. சில தடவை நல்லா வந்திருக்கு. ஒரு தடவை கோர்ட் வரைக்கும் போயிருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

கிகாஹெர்ட்ஸ் காலம்

2000 நவம்பர்ல இன்டெல் பென்டியம் 4 வந்தப்ப அதோட வேகம் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ். ரெண்டே வருஷத்துல, 2002 நவம்பர்ல, 3.06-க்குப் போயிடுச்சு. விளம்பரத்துல பெரிய எழுத்துல போட்டது இந்த ஒரே எண்ணைத்தான். வாங்குறவருக்கும் வசதி, விக்கிறவருக்கும் வசதி. 2 பெருசா 3 பெருசான்னு கேட்டா பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லிடும்.

ஆனா இந்த எண் சொல்றது பாதிக் கதைதான். கிகாஹெர்ட்ஸ்ங்கிறது ஒரு விநாடிக்கு சிப் எத்தனை தடவை 'டிக்' அடிக்குதுங்கிற கணக்கு. ஒவ்வொரு டிக்குக்கும் எவ்வளவு வேலை முடியுதுன்னு அது சொல்லாது. வேகமா அடி எடுத்து வைக்கிற குட்டையானவரும், நிதானமா நடக்கிற நெட்டையானவரும் ஒரே நேரத்துல பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரலாம் இல்லையா? அதே மாதிரிதான். பென்டியம் 4-ஐ வடிவமைச்சவங்க ஒரு வேலையை 20 சின்னச் சின்னப் படியா உடைச்சாங்க. அதுக்கு முந்தின பென்டியம் 3-ல சுமார் 10 படி. படி சின்னதானா டிக் வேகமா அடிக்க முடியும், எண் பெருசாகும். ஆனா ஒரு டிக்குக்கு முடியுற வேலை குறையும்.

போட்டிக் கம்பெனிகளுக்கு இது பெரிய தலைவலி. 2001 ஜூலைல ஆப்பிள் மேடை போட்டு 'மெகாஹெர்ட்ஸ்ங்கிறது ஒரு மாயை'ன்னு விளக்கம் கொடுத்தாங்க. ஏஎம்டி வேற வழில போனாங்க. அதே வருஷம் அக்டோபர்ல வந்த அவங்க சிப் ஒண்ணுக்கு அத்லான் எக்ஸ்பி 1800+ன்னு பேரு. நிஜ வேகம் 1.53 கிகாஹெர்ட்ஸ்தான். எண்ணையே ஜனங்க கேட்கிறாங்களா, சரி, நாமளும் ஒரு எண்ணைக் கொடுப்போம்னு பெயர்லயே ஏத்தி விட்டுட்டாங்க.

ரெண்டு பேரும் செஞ்சது எண்ணோட சண்டை. வாங்குறவருக்கு இதால என்ன லாபம்னு ரெண்டு பேரும் சொல்லலை. மாயைன்னு விளக்குறதுக்கு அரை மணி நேரம் ஆகும். கடையில அரை மணி நேரம் யாரு நின்னு கேட்பா?

ஆயிரம் பாட்டு

லேப்டாப்பை விட்டு ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வருவோம். அடுத்து வரப்போறதுக்கு இது தேவை.

2001 அக்டோபர்ல முதல் ஐபாட் வந்தது. உள்ள இருந்தது 5 ஜிபி டிஸ்க். அதை அறிமுகப்படுத்தினப்ப ஸ்டீவ் ஜாப்ஸ் அழுத்திச் சொன்னது, சட்டைப்பையில ஆயிரம் பாட்டுங்கிறதை. இந்த வரியைப் புகழாத மார்க்கெட்டிங் வகுப்பே கிடையாது, அதனால நானும் புகழப் போறதில்லை. என் கண்ணுல பட்டது வேற. அந்த ஆயிரம் சும்மா வாய்க்கு வந்த ஆயிரம் இல்லை. ஒரு பாட்டு 4 நிமிஷம், விநாடிக்கு 160 கிலோபிட் தரம்னு வெச்சா ஒரு பாட்டுக்கு 4.8 எம்பி. ஆயிரத்தால பெருக்கினா 4.8 ஜிபி. 5 ஜிபிக்குள்ள சரியா அடங்குது. இந்தக் கணக்கையும் சின்ன எழுத்துல கீழ போட்டிருந்தாங்க.

அதாவது நல்ல பலன் வரிக்கு அடியில ஒரு கணக்கு இருக்கும், ஒரு நிபந்தனையும் இருக்கும். இதை மனசுல வெச்சுக்கங்க, மறுபடி மறுபடி வரும்.

ஹைஃபாவில் பிறந்த சிக்கல்

இப்ப மெயின் மேட்டர்.

இஸ்ரேல்ல ஹைஃபா நகரத்துல இன்டெலுக்கு ஒரு வடிவமைப்புக் குழு இருந்தது. லேப்டாப்புக்குன்னே தனியா ஒரு சிப் பண்ணுனாங்க. உள்பெயர் பனியாஸ். கடைக்கு வந்தப்ப பென்டியம் எம். ஒரு டிக்குக்கு அதிக வேலை, சும்மா இருக்கிற பகுதிகளுக்கு மின்சாரத்தைக் குறைக்கிறது, இதுதான் அதோட சூட்சுமம். 1.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எம், பல வேலைகள்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் லேப்டாப் பென்டியம் 4-க்கு ஈடுகொடுத்தது. சூடும் கம்மி, பேட்டரியும் ரொம்ப நேரம் வந்தது.

பொறியாளர்களுக்குக் கொண்டாட்டம். விற்பனைப் பிரிவுக்கு? பெரிய எண்தான் நல்லதுன்னு ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததே இவங்கதான். இப்ப அதே கம்பெனி 1.6-ஐக் கொண்டு வந்து 2.4-ஐ விட ஒசத்தின்னு சொல்லணும், அதுக்கு விலையும் கூட. சொந்தமாக் கட்டின கோட்டையே வழியை மறிச்சு நிக்குது.

2003 மார்ச் 12-ஆம் தேதி இன்டெல் இதுக்கு ஒரு விடை சொன்னாங்க. சிப்பை முன்னாடி நிறுத்தவே இல்லை. பென்டியம் எம், கூடவே 855 வகை சிப்செட், புரோ வயர்லெஸ் 2100ங்கிற வைஃபை அட்டை, இந்த மூணையும் ஒரு பொட்டலமாக் கட்டி அதுக்கு சென்ட்ரினோன்னு பேர் வெச்சாங்க. மூணும் உள்ள இருந்தாத்தான் அந்த ஸ்டிக்கர். அதே பென்டியம் எம் சிப்போட வேற கம்பெனி வைஃபை அட்டை போட்டா ஸ்டிக்கர் கிடையாது. விளம்பரத்துக்கு ஒதுக்கினது 30 கோடி டாலர்னு அப்பவே செய்தி வந்தது.

விளம்பரத்துல கிகாஹெர்ட்ஸ் பின்னாடி போயிடுச்சு. முன்னாடி வந்தது நாலு விஷயம். கம்பி இல்லாம இணையம், நீடிக்கிற பேட்டரி, மெல்லிசான உடம்பு, போகிற இடத்துலயும் குறையாத வேகம். இந்த நாலுல ஒண்ணைக் கூட விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கம்பியைக் கழட்டுங்கிறதுதான் மொத்த விளம்பரத்தோட சாரமே.

இதுல நான் ரசிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. 2003-ல வைஃபைங்கிறது எத்தனை இடத்துல இருந்தது? லேப்டாப்புக்குள்ள அட்டை இருந்தா போதுமா, எதிர்ல சிக்னல் வேணாமா? சிக்னல் இல்லாத ஊர்ல கம்பியில்லா இணையம்ங்கிற வரி வெறும் பொய். இது இன்டெலுக்குத் தெரியும். அதனால ஹோட்டல், விமான நிலையம், காபிக் கடை நடத்துறவங்களோட சேர்ந்து, எந்தெந்த இடத்துல சென்ட்ரினோ லேப்டாப் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு சோதிச்சு அங்கயும் அடையாளம் ஒட்டினாங்க. 2003 செப்டம்பர் 25-ஆம் தேதி அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான இடங்கள்ல ஒரு நாள் முழுக்க வைஃபை இலவசம்னு அறிவிச்சு, ஜனங்களை முயற்சி பண்ணிப் பார்க்க வெச்சாங்க.

அதாவது எண்ணை வாக்கியமா மாத்தினதோட வேலை முடிஞ்சுதுன்னு விடலை. அந்த வாக்கியம் உண்மையாகணும்னா பெட்டிக்கு வெளியில என்ன இருக்கணுமோ, அதையும் போய்ச் செஞ்சாங்க. பலன் வரிக்கு உயிர் வர்றது அந்த இடத்துலதான்னு நான் நினைக்கிறேன்.

குறையும் இல்லாம இல்லை. அந்த முதல் வைஃபை அட்டை 802.11பி வகை மட்டும்தான், அதிகபட்சம் விநாடிக்கு 11 மெகாபிட். அதே வருஷம் ஜூன்ல 54 மெகாபிட் கொண்ட 802.11ஜி தரம் இறுதியாச்சு. விவரம் தெரிஞ்சவங்க ஸ்டிக்கர் இல்லாத லேப்டாப்பை வாங்கி இன்னும் வேகமான அட்டையைப் போட்டுக்கிட்டாங்க. ஸ்டிக்கரை மட்டும் நம்பினவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. எண்ணை மறைச்சா குழப்பம் போகும். கூடவே ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பும் போகும்.

'முடியும்'ங்கிற ஒரு சொல்

மறைச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு அடுத்த ஸ்டிக்கர் சாட்சி.

விண்டோஸ் விஸ்டா 2006 கடைசியில வரும்னு எல்லாரும் காத்திருந்தாங்க. அது தள்ளிப்போய் 2007 ஜனவரி 30-க்குத்தான் பொதுமக்கள் கைக்கு வந்தது. நடுவுல கிறிஸ்துமஸ் சீசன். புது விண்டோஸ் வரட்டும்னு ஜனங்க வாங்காம இருந்துட்டா வியாபாரம் படுத்துடும். அதனால 2006-ல விக்கிற லேப்டாப்புல 'விஸ்டா கேபபிள்'னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாங்க. இப்ப வாங்குங்க, விஸ்டா வந்ததும் இதுலயே ஏத்திக்கலாம்னு அர்த்தம். பலன் வரின்னு பார்த்தா அருமையான வரி. வாங்குறவர் மனசுல இருக்கிற பயத்தை ஒரே சொல்லுல போக்குது.

அடியில இருந்த கணக்கு என்ன? 800 மெகாஹெர்ட்ஸ் சிப், 512 எம்பி மெமரி, டைரக்ட்எக்ஸ் 9 தெரிஞ்ச கிராபிக்ஸ். அவ்வளவுதான். விஸ்டா விளம்பரத்துல காட்டின கண்ணாடி மாதிரி ஜன்னல், ஏரோன்னு பேரு, அது ஓடணும்னா புதுவகை டிரைவரைத் தாங்குற கிராபிக்ஸ் வேணும். அப்ப லட்சக்கணக்குல வித்துக்கிட்டிருந்த இன்டெல் 915 சிப்செட் அதைத் தாங்காது. முதல்ல மைக்ரோசாஃப்ட் அந்தத் திறனைக் கட்டாயம்னு வெச்சிருந்தாங்க. 2006 தொடக்கத்துல நிபந்தனையைத் தளர்த்தி, 915-க்கும் ஸ்டிக்கர் கிடைக்கிற மாதிரி பண்ணிட்டாங்க. ஏரோ உள்பட முழுசா ஓடுற மெஷினுக்கு 'பிரீமியம் ரெடி'ன்னு இன்னொரு அடையாளம் இருந்தது. ரெண்டுக்கும் வித்தியாசம் கடையில நிக்கிறவருக்கு எங்க தெரியும்?

2007-ல சியாட்டில்ல வழக்குப் போட்டாங்க. 2008-ல கம்பெனியோட உள் மின்னஞ்சல்கள் கோர்ட் வழியா வெளியில வந்தன. படிச்சவங்களுக்கு ஆச்சரியம். மைக்ரோசாஃப்ட்டோட துணைத் தலைவர் ஒருத்தரே ஸ்டிக்கரைப் பார்த்து சோனி லேப்டாப் வாங்கியிருக்கார். விஸ்டாவை ஏத்தினா சரியா ஓடலை. 2,100 டாலர் கொடுத்து மெயில் பார்க்கிற மெஷின் வாங்கியிருக்கேன்னு புலம்பியிருக்கார். ஸ்டிக்கரை ஒட்டச் சொன்ன கம்பெனியோட பெரிய அதிகாரிக்கே இந்த நிலைமைன்னா நம்மள மாதிரி ஆளுங்க எம்மாத்திரம்!

சட்டப்படி அந்த வழக்கு பெருசா எங்கயும் போய்ச் சேரலை. 2008-ல கூட்டு வழக்கா ஏத்துக்கிட்ட நீதிமன்றம், 2009 பிப்ரவரில அந்தத் தகுதியை எடுத்துடுச்சு. ஆனா நமக்குப் பாடம் இருக்கு. 'கேபபிள்'ங்கிற சொல் பொய் இல்லை. விஸ்டாவோட அடிப்படைப் பதிப்பு அதுல ஓடத்தான் செஞ்சது. வாங்குறவர் மனசுல விஸ்டான்னா விளம்பரத்துல பார்த்த விஸ்டா. ஸ்டிக்கர் எழுதினவர் மனசுல விஸ்டான்னா எதோ ஒரு விஸ்டா. ஒரே சொல், ரெண்டு அர்த்தம். பலன் வரி எழுதுறவர் கேட்டுக்க வேண்டிய கேள்வி இது உண்மையாங்கிறது மட்டும் இல்லை. கேட்கிறவர் இதை என்னன்னு புரிஞ்சுப்பார்ங்கிறதுதான்.

எட்டு மணி நேரம், யாருக்கு?

அடுத்தது பேட்டரி. சென்ட்ரினோவுக்கு அப்புறம் பேட்டரி நேரம் விளம்பரத்தோட நாயகன் ஆயிடுச்சு. மணிங்கிறது எல்லாருக்கும் புரியுற அளவு. ஆனா அந்த மணியை யார் எப்படி அளந்தாங்க?

அப்ப புழக்கத்துல இருந்த சோதனை மென்பொருள் மொபைல்மார்க் 2007. அதை ஓட்டுறப்ப திரை வெளிச்சம் 60 நிட்ஸ்தான் இருந்தா போதும். வைஃபையும் தேவையில்லை. சாதாரணமா நாம வெச்சுப் பார்க்கிற வெளிச்சத்துல இது ரொம்பக் கம்மி, கிட்டத்தட்ட அந்தி நேரம் மாதிரி. 2009-ல ஏஎம்டி இதை வெளிப்படையாவே கேள்வி கேட்டாங்க. செல்போனுக்குப் பேசுற நேரம், சும்மா இருக்கிற நேரம்னு ரெண்டு எண் போடுறோமே, லேப்டாப்புக்கும் ஏன் அப்படிப் போடக் கூடாதுன்னு கேட்டாங்க. ஏஎம்டிக்கு அதுல சொந்த லாபம் உண்டு, அந்தச் சோதனைல அவங்க சிப் பின்தங்கிச்சு. ஆனாலும் கேள்வி நியாயமான கேள்வி.

அதே 2009 செப்டம்பர்ல ஏஎம்டி எண்களையே மொத்தமாத் தூக்கிட்டு 'விஷன்'னு மூணு படி ஸ்டிக்கர் கொண்டு வந்தாங்க. முதல் படி பார்க்கிறதுக்கு, ரெண்டாவது பார்க்கவும் பகிரவும், மூணாவது பார்க்கவும் பகிரவும் சொந்தமா உருவாக்கவும். கம்ப்யூட்டர் தெரியாதவரும் ஒரு நிமிஷத்துல பிடிச்சுக்கிற மாதிரி இருந்தது. ஆனா ரெண்டாவது படியை வாங்கினா வீடியோ எடிட் பண்ண முடியாதா? முடியும், மெதுவா. எவ்வளவு மெதுவா? ஸ்டிக்கர்ல பதில் இல்லை. அடியில கணக்கு இல்லாத பலன் வரி நல்ல பேராத்தான் இருக்கும், வாக்குறுதியா இருக்காது.

இந்த வட்டம் ஓரளவு மூடினது 2019-20-ல. இன்டெல் 2019 ஜனவரில 'அதீனா'ன்னு ஒரு திட்டம் அறிவிச்சு, 2020 செப்டம்பர்ல அதோட ரெண்டாவது பதிப்புல 'ஈவோ'ங்கிற ஸ்டிக்கரைக் கொடுத்தாங்க. தூக்கத்துலேர்ந்து ஒரு விநாடிக்குள்ள முழிக்கணும். முழு ஹெச்டி திரையில 9 மணி நேரமாவது பேட்டரி வரணும். அரை மணி சார்ஜ்ல 4 மணி நேரம் ஓடணும். பேட்டரியை அளக்கிறப்ப திரை 250 நிட்ஸ், இணையம் இணைப்புல, பெட்டியைப் பிரிச்ச அதே அமைப்பு. 60 நிட்ஸ்லேர்ந்து 250! இதுல பலனும் இருக்கு, எண்ணும் இருக்கு, அளந்த விதமும் இருக்கு. சென்ட்ரினோ ஸ்டிக்கர்ல உள்ள என்ன பாகம் இருக்குன்னு நிபந்தனை. ஈவோவுல அது பத்தாது, என்ன நடக்கணும்னும் நிபந்தனை.

ஒரு சின்ன அட்டை

வரலாறு போதும், இதை வெச்சு நாம என்ன பண்ணலாம்? எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. லேப்டாப் கடை வெச்சிருக்கிற தம்பி ஒருத்தர், "அண்ணே, ஒவ்வொரு மாடல் முன்னாடியும் வைக்க அட்டை எழுதிக் கொடுங்க. நான் போட்ட அட்டையை யாரும் படிக்கவே மாட்டேங்கிறாங்க"ன்னார். அவர் அட்டையில இருந்தது கம்பெனித் தாள்ல இருந்த அதே வரிகள். கோர் ஐ5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குலம் 250 நிட்ஸ், 42 வாட்-ஹவர் பேட்டரி, 720பி கேமரா, 1.7 கிலோ, 9 மணி நேரம் வரை.

"இதை யாருக்கு விக்கிறீங்க தம்பி?"ன்னு கேட்டேன். வீட்டுலேர்ந்து ஆன்லைன்ல டியூஷன் எடுக்கிற ஒரு டீச்சர் நேத்து வந்து பார்த்துட்டு, யோசிச்சுச் சொல்றேன்னு போயிருக்காங்களாம். சரி, அந்த டீச்சரையே மனசுல வெச்சுக்குவோம்னேன். பொதுவா எல்லாருக்கும் எழுதினா ஒருத்தருக்கும் ஒட்டாது.

முதல்ல பேட்டரி. தாள்ல இருக்கிற 9 மணி நேரத்தைத் தொடவே இல்லை. கடையில இருந்த மெஷினை முழுசா சார்ஜ் பண்ணி, கம்பியைக் கழட்டி, வீடியோ கால் ஒண்ணைப் போட்டு அரை மணி நேரம் விட்டோம். வெளிச்சம் நாம வழக்கமா வைக்கிற அளவு. 15 சதவீதம் இறங்கிச்சு. அரை மணிக்கு 15-ன்னா 100-க்கு சுமார் 3 மணி 20 நிமிஷம். வேற வழியிலயும் சரிபார்க்கலாம். 42-ல 15 சதவீதம் 6.3 வாட்-ஹவர், அதை அரை மணியில தின்னிருக்கு, அப்ப மணிக்கு 12.6. 42-ஐ 12.6-ஆல் வகுத்தாலும் அதே 3 மணி 20 நிமிஷம்தான் வருது. தாள்ல சொன்னதுல பாதி கூட இல்லை. கம்பெனி பொய் சொல்லலை, அவங்க அளந்த வேலை வேற, டீச்சர் பண்ற வேலை வேற.

காட்சிக்கு வெச்ச மெஷின் மாசக்கணக்கா ஓடிக்கிட்டே இருக்கும், பேட்டரி தேஞ்சிருந்தா இந்தக் கணக்கே தப்பாயிடும். அதைப் பார்க்க விண்டோஸ்லயே வழி இருக்கு. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடிங்க:

```
powercfg /batteryreport
```

ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு உருவாகும், எங்க இருக்குன்னு அதுவே சொல்லும். அதுல DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY ரெண்டையும் பாருங்க. முதலாவது புதுசுல இருந்த கொள்ளளவு, ரெண்டாவது இப்ப இருக்கிறது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா உங்க அளவை நம்பலாம்.

இப்ப வரி எழுதணும். '3 மணி 20 நிமிஷ பேட்டரி'ன்னு எழுதலாமா? அது இன்னும் மெஷினோட கணக்குதான். டீச்சரோட கணக்கு வகுப்பு. இப்படி எழுதினேன்: "கரெண்ட் போனாலும் ஒரு மணி நேர வகுப்பு மூணு எடுக்கலாம்." தம்பிக்கு ஒரே சந்தோஷம். நான்தான் நிறுத்தி, "கரெண்ட் போனா அவங்க வீட்டு ரவுட்டர் எதுல ஓடும்?"னு கேட்டேன். 2003 வைஃபை கதை ஞாபகம் வருதா? பெட்டிக்கு வெளியில இருக்கிற நிபந்தனை. அதனால கீழ சின்னதா, "ரவுட்டர் இன்வெர்ட்டர்ல இருக்கணும்"னு சேர்த்தோம்.

அடுத்து 512 ஜிபி. டீச்சர் வகுப்பை ரெக்கார்டு பண்ணி வைக்கிறவங்க. அவங்க தம்பிக்கு அனுப்பியிருந்த ஒரு மணி நேர ரெக்கார்டிங் அரை ஜிபி இருந்தது. 512-ங்கிறது விண்டோஸ்ல சுமார் 476-ஆத் தெரியும். கம்பெனி ஆயிரத்தால வகுக்குது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்குது, அதான் வித்தியாசம். விண்டோஸும் மத்த மென்பொருளும் எடுத்தது போக 400 மிச்சம்னு வெச்சா 800 வகுப்பு. நாளுக்கு ரெண்டு வகுப்புன்னா 400 நாள். வரி: "தினம் ரெண்டு வகுப்பு ரெக்கார்டு பண்ணினாலும் ஒரு வருஷத்துக்கு இடம் பத்தும்." 35 நாளைக் கழிச்சுக்கிட்டது வேணும்னே. சொன்னதை விடக் கொஞ்சம் கூட வந்தா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க :-)

திரை 250 நிட்ஸ். இதை "பளிச்சிடும் திரை"ன்னு தம்பி எழுத நினைச்சார். வீட்டுக்குள்ள பரவாயில்லை, ஆனா ஜன்னல் வெளிச்சம் நேரா விழுந்தா மங்கிடும். அதனால, "அறைக்குள்ள தெளிவாத் தெரியும், வாசல் திண்ணையில உட்கார்ந்தா தெரியாது"ன்னு எழுதினோம். கேமராவுக்கும் அப்படியே: "முகம் நல்லாத் தெரியும், பின்னாடி போர்டுல எழுதுறது தெரியாது." தம்பி முகம் சுருங்கிடுச்சு. "அண்ணே, குறையை நாமளே சொல்லணுமா?" டீச்சர் போர்டுல எழுதித்தான் நடத்துறாங்கன்னா முதல் நாளே அவங்களுக்குத் தெரிஞ்சுடும், ரெண்டாவது நாள் மெஷினோட கடைக்கு வந்து நிப்பாங்கன்னேன். விஸ்டா ஸ்டிக்கர் கதையைச் சொன்னதும் ஒத்துக்கிட்டார்.

1.7 கிலோவுக்கு வரியே எழுதலை. அவங்க லேப்டாப்பை மேசையை விட்டு நகர்த்தவே போறதில்லை. தினம் பையில தூக்கிட்டு பஸ்ல போற கல்லூரிப் பையனுக்கு அது முதல் வரியா இருக்கும். எல்லா எண்ணுக்கும் பலன் கண்டுபிடிக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆளுக்கு ஏத்த நாலு வரி போதும், மீதி ஜல்லி.

ஆனா பழைய எண்களை அட்டையிலேர்ந்து எடுக்கலை. பின்பக்கத்துல அப்படியே அச்சடிச்சோம். பக்கத்துக் கடையில இன்னொரு மாடலோட ஒப்பிடணும்னா டீச்சருக்கோ அவங்க வீட்டுல விவரம் தெரிஞ்சவங்களுக்கோ எண்தான் வேணும். சென்ட்ரினோ ஸ்டிக்கர்ல 802.11பி மறைஞ்சு போச்சே, அந்தக் குறை இங்க வேணாம்னு நினைச்சேன்.

டீச்சர் மறுபடி வந்து அட்டையைப் படிச்சுட்டு, அந்த மாடலை வாங்கலை. போர்டு தெரியணும்னு, தனியா ஒரு வெப்கேமராவும் அதை விட விலை கம்மியான வேற லேப்டாப்பும் வாங்கிட்டுப் போனாங்களாம். தம்பி போன்ல சொன்னப்ப கொஞ்சம் வருத்தமாத்தான் சொன்னார். எனக்கென்னமோ அந்த அட்டை தன் வேலையைச் சரியாச் செஞ்சிருக்குன்னுதான் தோணுது.

பி.கு: உங்க பழைய லேப்டாப்புல என்ன ஸ்டிக்கர் இருக்கு, அது சொன்னபடி நடந்துதான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. 'விஷன்' ஸ்டிக்கர் கிழியாம இருந்தா, சுரண்டுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை!